ஓவர்ஹெட் பிரஸ்: நாரி வளைவது எங்கே தொடங்குகிறது?

பாரைத் தோளிலிருந்து தலைக்கு மேலே தள்ளும் ஓவர்ஹெட் பிரஸ் செய்தபின் நாரி நோகுது என்று சொன்னால், கொழும்பு ஜிம்களில் அநேகமாகக் கிடைக்கும் பதில் "வயிற்றை இறுக்கு தம்பி" என்பதுதான். பதிலில் பிழையில்லை. ஆனால் புதியவர்கள் பலருக்கு, நோவைத் தரும் அந்த நாரி வளைவு தொடங்கும் இடம் நாடிக்கு முன்னால்.

வெள்ளவத்தையில் புதிதாக ஜிம்முக்குப் போகத் தொடங்கிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். 20 கிலோ பார், இரு பக்கமும் 5 கிலோ, மொத்தம் 30. பார் தோளின் முன்பக்கத்தில் இருக்கிறது. நேரே மேலே தள்ளினால் நாடியில் இடிக்கும். அவர் தலையை அசைக்காமல், பாரை முகத்தைச் சுற்றி முன்னால் கொண்டுபோகிறார். நெற்றி மட்டத்தில் பார் நாலைந்து விரல் தள்ளி நிற்கிறது. பாரம் பாதத்தின் நடுப்பகுதிக்கு முன்னால் போனதும், விழாமலிருக்க நெஞ்சு பின்னால் சாய்கிறது, இடுப்பு முன்னால் போகிறது, கீழ் விலா எலும்புகள் பிதுங்குகின்றன. விலா மேலெழும்ப, நாரி வளைகிறது.

இப்படிச் சாயும்போது மேல்நெஞ்சுத் தசையும் உதவுவதால் பாரம் லேசாகத் தெரியும். பழக்கம் ஒட்டிக்கொள்வது அதனால்தான். ஒலிம்பிக் பாரம் தூக்கலிலும் இதே வம்புதான்: அளவுமீறிச் சாய்வதை நடுவர்கள் கணிக்கத் திணறினார்கள், 1972க்குப் பிறகு பிரஸ் போட்டியிலிருந்தே நீக்கப்பட்டது.

ஆக, வழிவிட வேண்டியது தலை. நாடியை உள்ளே இழுத்துத் தலையைச் சற்றுப் பின்னுக்கு எடுங்கள். அண்ணாந்து பார்க்கவேண்டாம், அதுவும் விலாவைத் தூக்கிவிடும். பார் மூக்கை உரசாத குறையாக மேலே போகட்டும். நெற்றியைத் தாண்டியதும் தலை முன்னால் வந்து பாருக்குக் கீழே நிற்கவேண்டும். முடிவில் பார், தோள், இடுப்பு, பாதத்தின் நடு எல்லாம் ஒரே கோட்டில். தூக்கும் முன் மூச்சை முழுக்க வெளியே விட்டால் விலா தானாக இறங்கும். அதை அங்கேயே வைத்துக்கொண்டு மூச்சை எடுத்து, வயிற்றையும் பிட்டத்தையும் இறுக்குங்கள்.

இதையெல்லாம் செய்தும் வளைகிறதா? சுவரில் முதுகைச் சாய்த்து, பாதங்களை ஓரடி முன்னால் வைத்து, நாரியைச் சுவரோடு அழுத்தியபடி நீட்டிய கைகளை மேலே தூக்குங்கள். கை காதருகே வருமுன் நாரி சுவரைவிட்டு விலகினால், தோளோ மேல்முதுகோ இறுகியிருக்கிறது. இறுகிய தோளோடு பாரின் பாதையை எவ்வளவு திருத்தினாலும் கைகள் மேலே போக நாரியிடம்தான் கடன் வாங்கும். அசைவு கூடும்வரை, பாரின் ஒரு முனையை அறை மூலையில் ஊன்றி, மறுமுனையைச் சாய்வாகத் தள்ளலாம். அதற்குக் கை முழுக்க மேலே போகத் தேவையில்லை.

சுவரில் சிக்கலே இல்லை, கடைசி இரண்டு தடவையில் மட்டும் வளைகிறது என்றால், பாரம் கூட. அந்த 5 கிலோத் தட்டுகளைக் கழற்றுங்கள். வெறும் பாரே கனமென்றால் டம்பெல் எடுக்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. வலி காலுக்கு இறங்கினாலோ கால் விறைத்தாலோ பிரஸ்ஸை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போங்கள்.