வேலை முடிந்தது, ஆர்டர் முடியவில்லை: பி.எம். மாட்யூலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கஞ்சிக்கோட்டில் எங்கள் ஆலையில் நான்கு ஸ்குரூ கம்ப்ரசர்கள். ஒவ்வொன்றுக்கும் 90 நாளுக்கு ஒருமுறை ஏர் ஃபில்டர் மாற்ற வேண்டும். எஸ்.ஏ.பி.யின் பி.எம். மாட்யூலில் அதற்கு மெயின்டனன்ஸ் பிளான் உண்டு, டாஸ்க் லிஸ்ட்டில் ஃபில்டரும் சேர்த்திருக்கிறோம். அப்படியும் ஒரு வருடம் ஸ்டோரில் தேவைக்கு மேல் ஃபில்டர் சேர்ந்தது. அதே வருடம் ஒரு கம்ப்ரசர், மாற்ற வேண்டிய நாள் தாண்டியும் பழைய ஃபில்டரோடு ஓடியது. பிளானில் குறையில்லை. ஆர்டரை நாங்கள் கையாண்ட விதம்தான் தவறு.

முதலில் ஸ்டோர். ராத்திரி ஷிஃப்டில் ஃபிட்டர் போகும்போது ஆர்டர் ரிலீஸ் ஆகாமல் CRTD நிலையிலேயே இருக்கும். அந்த நிலையில் அதன் பேரில் பொருள் எடுக்க முடியாது. "சேட்டா, ஃபில்டர் ஒண்ணு குடுங்க, ஆர்டர் காலைல பாத்துக்கலாம்" என்பார். மெஷின் நிற்கிறதே என்று ஸ்டோர்கீப்பரும் 201 போட்டு, காஸ்ட் சென்டர் கணக்கில் கொடுத்துவிடுவார். இருவர் மீதும் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு எண்ணில்தான் கணக்கு கெடுகிறது.

எங்கள் அமைப்பில் ஆர்டர் உருவானதுமே ரிசர்வேஷன் விழுந்துவிடும். இருப்பு 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். 201-இல் ஒன்று போனதும் மீதி 1. ஆனால் ஆர்டரின் ரிசர்வேஷன் இன்னும் திறந்தே இருக்கிறது, அந்த மீதி ஒன்றையும் அது தனக்கென்று பிடித்துக்கொள்கிறது. அடுத்த கம்ப்ரசரின் ஆர்டர் வந்ததும், மெட்டீரியல் மாஸ்டரில் எம்.ஆர்.பி. டைப் PD என்றிருந்தால், கணினி பற்றாக்குறை என்று கருதி வாங்கச் சொல்லும். அலமாரியில் ஃபில்டர் இருக்கும்போதே புதுசு வாங்குவோம். மெஷின் ஆர்டரிலோ உதிரிபாகச் செலவு பூஜ்யம் என்று நிற்கும்.

கண்டுபிடிப்பது எளிது. MD04-இல் அந்த மெட்டீரியலைத் திறந்து, தேதி கடந்த OrdRes வரிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் வேலை நடந்ததா என்று ஃபிட்டரிடம் கேளுங்கள். நடந்திருந்தால், 202 போட்டு பழைய 201 பதிவைத் திருப்பி, அதே ஆர்டரின் ரிசர்வேஷன் மீது 261 போட வேண்டும். இனி வராமல் தடுக்க, மறுநாள் வேலைகளின் ஆர்டரைச் சாயங்காலமே ரிலீஸ் செய்து, ஆர்டர் நம்பர் எழுதிய சீட்டை ஃபிட்டர் கையில் கொடுக்கிறோம். சீட்டு இல்லாமல் ஃபில்டர் இல்லை.

அடுத்தது TECO, அதாவது டெக்னிக்கல் கம்ப்ளீஷன். இதுதான் எங்களை அதிகம் கஷ்டப்படுத்தியது. ஒரு கம்ப்ரசருக்குத் திட்டத் தேதி ஜனவரி 10. வேலை 12-ஆம் தேதியே முடிந்தது. ஃபிட்டர் பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பினார், ஜாப் கார்டு மேசை டிராயரில் தங்கிவிட்டது. பிப்ரவரி 2-ஆம் தேதி யாரோ IW32-இல் TECO கொடுத்தார்கள். அப்போது வரும் சிறு பெட்டியில் ரெஃபரன்ஸ் தேதி என்று அன்றைய தேதி தானாக நிரம்பியிருக்கும். அதை மாற்றாமல் அப்படியே அழுத்திவிட்டார்கள்.

பிளானில் தாமதத்துக்கான ஷிஃப்ட் ஃபேக்டர் 100 சதவீதம். அதனால் வேலை 23 நாள் தாமதம் என்று கணினி எடுத்துக்கொண்டு, ஏப்ரல் 10-இல் இருந்த அடுத்த தேதியை மே 3-க்குத் தள்ளியது. சரியான தேதி போட்டிருந்தால் ஏப்ரல் 12 என்று வந்திருக்கும். பாலக்காட்டு வெயிலும் தூசியும் உச்சத்தில் இருக்கும் நாட்கள் அவை. ஏப்ரல் கடைசியில் ரவுண்ட்ஸ் போனவர் ஃபில்டர் இண்டிகேட்டர் சிவப்பாகியிருப்பதைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் பிளானைத் திறந்து பார்த்தோம்.

ஆகவே பெட்டியில் வேலை முடிந்த உண்மையான தேதியைப் போடுங்கள். TECO கொடுத்து, பிளானைத் திரும்ப ஷெட்யூல் செய்ததும் IP10-இல் அடுத்த தேதியை ஒருமுறை பாருங்கள். TECO-வையே தள்ளிப்போட்டால் இன்னொரு பிரச்சினை: எடுக்காத உதிரிபாகங்களின் ரிசர்வேஷன்கள் அதில்தான் மூடப்படும். அதுவரை அவையும் MD04-இல் தொங்கும்.

கால் ஹொரைசன் பற்றியும் ஒரு வார்த்தை. 90 நாள் சுழற்சியில் அது 80 சதவீதம் என்றால், ஆர்டர் 72-ஆம் நாள், அதாவது 18 நாள் முன்னால்தான் உருவாகும். வாளையார் தாண்டினால் கோயம்புத்தூர், எதுவும் மூன்று நாளில் வந்துவிடும் என்ற நினைப்பு எங்களுக்கு இருந்தது. ஏர் ஃபில்டருக்கு அது சரி. சப்ளையரிடம் சொல்லி 30 நாள் காத்திருந்து வாங்கும் ஆயில் செப்பரேட்டருக்குச் சரிப்படாது. அதற்குத் தனி பிளான் போட்டு, அதன் சுழற்சிக்கேற்ப ஆர்டர் 36 நாளாவது முன்னால் விழும்படி ஹொரைசனைக் குறைத்தோம். ஆர்டர் உருவாகும்வரை ரிசர்வேஷன் கிடையாது, IP10-இல் அடுத்த வருடத் தேதிகள் வரிசையாகத் தெரிந்தாலும் எம்.ஆர்.பி. அவற்றைக் கண்டுகொள்ளாது.