நட்சத்திரத்தை எண்ணினால் செல்லை எண்ணியதாகாது: கிளியல் செல்கள் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆராய்ச்சிக்கூடத்தில் முதன்முதலாக எலி மூளையின் மெல்லிய சீவல் ஒன்றுக்குச் சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் வைத்தபோது, நியூரான் என்ற நரம்புச் செல்களைச் சுற்றி இருக்கும் கிளியல் செல்களில் ஒரு வகையான, நட்சத்திரம் போலத் தெரியும் ஆஸ்ட்ரோசைட்டுகள் எங்கே என்று தேடினேன். நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸ் பகுதியில் அழகான நட்சத்திரங்கள் கொட்டிக் கிடந்தன. அதற்கு மேலே இருக்கும் புறணியில் பார்த்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தன. சாயம் சரியாகப் பிடிக்கவில்லை என்று நினைத்து மறுபடியும் செய்தேன். மறுபடியும் அதே படம். சாயத்தில் குறை எதுவும் இல்லை. அது எதைக் காட்டுகிறது என்று தெரியாமல் பார்த்தது என் தப்பு.

அந்தச் சாயம் பிடிப்பது ஜி.எஃப்.ஏ.பி என்ற புரதத்தை. ஆஸ்ட்ரோசைட்டின் முக்கியக் கிளைகளுக்குள் கம்பி மாதிரி ஓடும் இழை அது. எலியின் ஹிப்போகாம்பஸில் ஒரு ஆஸ்ட்ரோசைட்டுக்குள் நேரடியாக ஒளிரும் சாயத்தைச் செலுத்திப் பார்த்தபோது, அந்தக் கம்பிகள் செல்லின் மொத்தக் கன அளவில் 15 சதவீதம் போலத்தான் இருப்பது தெரிந்தது. மீதியெல்லாம் கடற்பஞ்சு மாதிரி இண்டு இடுக்கெல்லாம் நுழைந்திருக்கும் மெல்லிய சவ்வு மடிப்புகள். ஆக, நாம் நட்சத்திரம் என்று பார்ப்பது பந்தலின் கால்களை மட்டும்தான், கூரை கண்ணில் படுவதில்லை. புறணியில் இருக்கும் ஆரோக்கியமான ஆஸ்ட்ரோசைட்டுகளில் பலவற்றில் இந்தப் புரதம் மிகக் குறைவு என்பதால் அங்கே காலும் தெரியாது.

இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. அடிபட்ட மூளைப் பகுதியில் ஒரு குறிப்பிட்ட சதுரத்தில் 120 நட்சத்திரங்கள், அடிபடாத பகுதியின் அதே அளவு சதுரத்தில் 40. 'ஆஸ்ட்ரோசைட்டுகள் மூன்று மடங்கு பெருகிவிட்டன' என்று எழுதத் தோன்றும். அதே சீவலில் ஆஸ்ட்ரோசைட்டின் உட்கருவைக் காட்டும் சாக்ஸ்9 என்ற புரதத்துக்கும் சாயம் ஏற்றி எண்ணிப் பார்க்கிறோம் என்று வையுங்கள். அங்கே 104, இங்கே 100 வந்தால் செல்கள் பெருகவே இல்லை, ஏற்கெனவே இருந்தவை புரதத்தைக் கூட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்திருக்கின்றன என்று பொருள். காயத்தை ஒட்டிய இடத்தில் உண்மையிலேயே செல் பிரிந்து பெருகுவதும் உண்டு. எது நடந்தது என்று சொல்ல உட்கருவை எண்ண வேண்டும், நட்சத்திரத்தை எண்ணினால் போதாது.

இதே மாதிரி எண்ணிக்கைத் தவறு இன்னொன்றும் ஊரெல்லாம் சுற்றுகிறது: ஒரு நியூரானுக்குப் பத்து கிளியல் செல்கள் என்பது. 2009-ல் பிரேசிலைச் சேர்ந்த சுசானா ஹெர்குலானோ-ஹௌசலின் குழு நான்கு ஆண்களின் மூளைகளைத் துண்டு துண்டாகச் சோப்புக் கரைசலில் கரைத்து, மிஞ்சிய உட்கருக்களை எண்ணியது. வந்த கணக்கு: நியூரான்கள் சுமார் 8,600 கோடி, மற்ற செல்கள் எல்லாம் சேர்த்துச் சுமார் 8,500 கோடி. அந்த மற்றவற்றில் ரத்தக்குழாய்ச் செல்களும் அடக்கம். ஆக ஒன்றுக்கு ஒன்று கூடத் தேறாது. 'பத்து மடங்கு' என்று சொல்லித்தான் கிளியாவுக்குப் பெருமை சேர்க்க வேண்டும் என்றில்லை.

சரி, சாயத்தில் தெரியாத அந்த 85 சதவீதத்தில் என்ன நடக்கிறது? முக்கியமான வேலை முழுக்க அங்கேதான். நியூரான்கள் ஒன்றோடொன்று பேசும் சினாப்ஸ்களைச் சுற்றி அந்த மடிப்புகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மனித ஆஸ்ட்ரோசைட் ஒன்றின் எல்லைக்குள் 20 லட்சம் சினாப்ஸ்கள் வரை அடங்கும் என்று ஒரு மதிப்பீடு. மூளையின் முக்கியத் தூண்டுபொருளான குளுட்டமேட் சினாப்ஸில் வெளியானதும், அதை உள்ளிழுத்து இடத்தைக் காலி செய்வது பெரும்பாலும் ஆஸ்ட்ரோசைட்டின் சவ்வில் இருக்கும் ஜி.எல்.டி-1 என்ற கடத்தியின் வேலை. இதைத் 'துப்புரவு' என்று சொல்லி 'துணை வேலை' பட்டியலில் போடுவது அடுத்த தவறு. இந்தக் கடத்தி இல்லாமல் பிறந்த எலிகளுக்குத் தானாகவே வலிப்பு வந்தது, பல சீக்கிரமே செத்துப்போயின. ஒரு செய்தி எப்போது முடிகிறது, பக்கத்துச் சினாப்ஸுக்குக் கசிகிறதா என்பதைத் தீர்மானிப்பவரை, பேச்சில் கலந்துகொள்ளாதவர் என்று சொல்ல முடியாது.

கிளியல் செல்களில் இன்னொரு வகையான, மூளையின் நோயெதிர்ப்புக் காவலர்களான மைக்ரோகிளியா பக்கம் வந்தால், பழைய படங்கள் செய்த கெடுதல் இன்னும் பெரிது. 1919-ல் ஸ்பெயினின் பியோ டெல் ரியோ ஓர்தேகா வெள்ளிச் சாயம் கொண்டு இவற்றைத் தனி இனமாகப் பிரித்துக் காட்டினார். அன்று முதல் பார்த்ததெல்லாம் இறந்த மூளையின் அசையாத படம். கிளை விரித்து நின்றால் 'ஓய்வில் இருக்கிறது', கிளை சுருங்கி உடல் பருத்திருந்தால் 'தூண்டப்பட்டிருக்கிறது' என்று எழுதி வைத்தார்கள். இன்றும் பல பாடக்குறிப்புகளில் அப்படித்தான் இருக்கிறது.

2005-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக உயிருள்ள எலியின் மண்டையோட்டை மெல்லிசாகத் தேய்த்து, அதன் வழியே லேசர் மைக்ரோஸ்கோப்பில் மணிக்கணக்காகப் பார்த்தன. செல்லின் உடல் இடத்தைவிட்டு நகரவில்லை. கிளைகளோ ஒரு நிமிடம்கூடச் சும்மா இல்லை. நீளும், தொடும், பின்வாங்கும், வேறு பக்கம் நீளும். இந்த வேகத்தில் சில மணி நேரத்துக்குள் மூளைத் திசு முழுவதையும் தடவிப் பார்த்துவிடும் என்று கணக்கிட்டார்கள். லேசரால் ஒரு புள்ளியைச் சுட்டதும், சுற்றியிருந்த மைக்ரோகிளியாவின் கிளைகள் அரைமணி நேரத்துக்குள் அந்தப் புள்ளியை வளைத்து மூடிவிட்டன. அடிபட்ட இடத்தில் வெளிவரும் ஏ.டி.பி மூலக்கூறுதான் அவற்றைக் கூப்பிட்டது. ஆகவே 'ஓய்வு' என்ற சொல்லையே விட்டுவிடுவது நல்லது. ராத்திரி ரோந்து போகிறவரைத் தூங்குகிறார் என்று எழுதிய மாதிரிதான் அது.

இன்னொரு சின்னத் தவறு: மைக்ரோகிளியாவை 'மூளைக்குள் வந்த வெள்ளை அணு' என்று சொல்வது. எலியில் இவை கருவின் மஞ்சள்கருப் பையில் தோன்றி, எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்கத் தொடங்குவதற்கு முன்பே மூளைக்குள் குடியேறிவிடுகின்றன. வந்து தங்கியவை என்பது சரி, ஆனால் ரத்தம் வழியாக வந்துகொண்டே இருப்பவை அல்ல.

இவை ரோந்து மட்டும் போவதில்லை, சாப்பிடவும் செய்கின்றன. இதை விளக்க 2012-ல் வந்த எலிச் சோதனையைத்தான் நான் எப்போதும் எடுத்துக்கொள்வேன். பிறந்த குட்டியில் இரண்டு கண்களிலிருந்தும் வரும் நரம்பு நுனிகள் மூளையின் நடுவே இருக்கும் தலாமஸில் ஒரே இடத்தில் குழம்பிக் கிடக்கும். அப்புறம் வேண்டாத இணைப்புகள் உதிர்ந்து, இரண்டு கண்களுக்கும் தனித்தனி இடம் ஒதுங்கும். இரண்டு கண்களிலும் வெவ்வேறு நிறச் சாயம் செலுத்தி, ஐந்து நாள் வயதில் பார்த்தபோது, மைக்ரோகிளியாவின் வயிற்றுக்குள், அதாவது லைசோசோம்களுக்குள், அந்த நிறங்கள் இருந்தன. ஒரு கண்ணின் நரம்புச் செயல்பாட்டை மருந்தால் அடக்கியபோது, அந்தக் கண்ணிலிருந்து வந்த நுனிகளே அதிகம் தின்னப்பட்டன. காம்ப்ளிமென்ட் என்ற நோயெதிர்ப்புப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி மைக்ரோகிளியாவில் இல்லாமல் செய்தால் தின்பது குறைந்தது. அந்த எலிகள் வளர்ந்த பிறகும் கூடுதல் சினாப்ஸ்கள் மிஞ்சியிருந்தன. கிருமியைக் குறிவைக்க உடம்பு வைத்திருக்கும் அதே அடையாளம், இங்கே சுற்றமைப்பைச் செதுக்கப் பயன்படுகிறது.

இதைப் படித்ததும் பலர் விழும் குழி, 'நல்ல மைக்ரோகிளியா, கெட்ட மைக்ரோகிளியா' என்று பிரிப்பது. அல்சைமரை எடுத்துக்கொள்ளுங்கள். நோயின் ஆரம்பக் கட்டத்தில், அமிலாய்டு என்ற புரதம் திட்டுகளாகப் படிவதற்கு முன்பே, எலி மாதிரிகளில் இதே காம்ப்ளிமென்ட் வழியாக மைக்ரோகிளியா சினாப்ஸ்களைத் தின்கின்றன. அப்படியானால் வில்லன்தானே? ஆனால் 2013-ல் ட்ரெம்2 என்ற மரபணுவின் ஒரு அரிய வடிவம் அல்சைமர் ஆபத்தைச் சில மடங்கு கூட்டுவது தெரியவந்தது. அந்த மரபணு மூளையில் முக்கியமாக மைக்ரோகிளியாவில்தான் வேலை செய்கிறது. அது பழுதானால் இவை திட்டுகளைச் சுற்றிச் சரியாக அணைகட்டுவதில்லை. ஆக, அணைகட்டும் வேலை குறைந்தால் நோய் கூடுகிறது. கெடுப்பதும் காப்பதும் ஒரே செல்தான், காலமும் இடமும் வேறு. 'அழற்சியை அடக்கினால் போதும்' என்ற எண்ணத்தில் வயதானவர்களுக்கு நாப்ராக்ஸன், செலெகாக்சிப் மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனையில் அல்சைமர் தடுக்கப்படவில்லை. எதை அடக்குகிறோம், எப்போது அடக்குகிறோம் என்று பார்க்காமல் செய்தால் இப்படித்தான் ஆகும் என்பது என் எண்ணம்.

கெடுப்பவை, காப்பவை என்று பிரிக்க மைக்ரோகிளியாவுக்கு எம்1, எம்2 என்றும் ஆஸ்ட்ரோசைட்டுக்கு ஏ1, ஏ2 என்றும் இரண்டு பெட்டிகள் இருந்தன. பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி 2021-ல் ஆஸ்ட்ரோசைட்டுக்கும், 2022-ல் மைக்ரோகிளியாவுக்கும் அந்தப் பெட்டிகளை விட்டுவிடச் சொல்லி எழுதினார்கள். புதிதாக எழுதுகிறவர்கள் எந்தப் பகுதி, எந்த வயது, எந்தப் புரதம் கூடியது என்று நேரடியாகச் சொல்லிவிட்டால் பெட்டியே தேவைப்படாது.

கடைசியாக, எதிர்ப்பக்கம் சாய்வது. கிளியாவை இத்தனை நாள் அலட்சியம் செய்தோம் என்ற குற்றவுணர்வில் 'ஆஸ்ட்ரோசைட்டும் சிந்திக்கிறது' என்று எழுதிவிடுகிறார்கள். 1990-ல் கண்ணாடித் தட்டில் வளர்த்த ஆஸ்ட்ரோசைட்டுகள் மீது குளுட்டமேட்டை ஊற்றியதும், அவற்றுக்குள் கால்சியம் அலையலையாகப் பரவியது. அதிலிருந்து கிளம்பிய எதிர்பார்ப்பு பெரிது. பிறகு எலியில் ஆஸ்ட்ரோசைட்டின் உடலில் எழும் கால்சியம் அலையை மரபணு வழியே அடக்கிப் பார்த்தபோது, ஹிப்போகாம்பஸ் சினாப்ஸ்களின் நடத்தை பெரிதாக மாறவில்லை என்று ஒரு குழு சொன்னது. உடலில் அடங்கினாலும் மெல்லிய மடிப்புகளில் கால்சியம் எழுந்துகொண்டுதான் இருக்கிறது என்று பிறகு இன்னொரு குழு காட்டியது. வழக்கு இன்னும் முடியவில்லை. தட்டில் வளர்ந்த செல், மூளைக்குள் இருக்கும் செல்லைப் போலவே நடந்துகொள்ளும் என்று எடுத்துக்கொண்டால், இந்த வழக்கில் எந்தப் பக்கத்துச் சாட்சியையும் சரியாக எடைபோட முடியாது.

அலையைப் பார்த்ததோடு நிற்காமல் அதை மாற்றியும் பார்த்த சோதனைகள்தான் எனக்குக் கணக்கில் வரும். 2019-ல் வந்த ஜீப்ரா மீன் சோதனை அப்படிப்பட்டது. குட்டி மீன் வாலை எவ்வளவு அடித்தாலும் சுற்றியுள்ள காட்சி நகராதபடி செய்தார்கள். கொஞ்ச நேரம் போராடிவிட்டு மீன் நீந்துவதைக் கைவிட்டது. ஒவ்வொரு வீண் முயற்சிக்கும் நார்-அட்ரினலின் நியூரான்கள் குரல் கொடுக்க, ஆஸ்ட்ரோசைட் வகையைச் சேர்ந்த செல்களில் கால்சியம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. ஓரளவு சேர்ந்ததும் மீன் நின்றது. அந்தச் செல்களைத் தூண்டினால் சீக்கிரமே நின்றுவிட்டது, முடக்கினால் கைவிடாமல் நீந்திக்கொண்டே இருந்தது.