7 ஆண்டு கழித்துக் கொடுக்க வேண்டிய தொகை: டியூரேஷன் பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்றிலிருந்து சரியாக 7 ஆண்டு கழித்து 1 கோடி கொடுத்தாக வேண்டும். தொகையும் தேதியும் மாறாது. சந்தையில் எல்லா முதிர்வுக்கும் யீல்டு ஆண்டுக்கு 7% என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த ஒரு கோடியின் இன்றைய மதிப்பு 62,27,497. இந்தப் பணத்தைப் பத்திரங்களில் போட்டு, நடுவில் வட்டி விகிதம் ஏறினாலும் இறங்கினாலும் 7-ஆம் ஆண்டு முடிவில் ஒரு கோடி கையில் இருக்கும்படி செய்வதுதான் இம்யூனைசேஷன். 1952-இல் ரெடிங்டன் என்ற பிரிட்டிஷ் ஆக்சுவரி இந்தப் பெயரோடு இதன் நிபந்தனைகளை எழுதிவைத்தார்.

7 ஆண்டு முதிர்வுள்ள, கூப்பனே இல்லாத, திவாலாகும் பயமும் இல்லாத பத்திரம் கிடைத்தால் அதை வாங்கிவிட்டு மறந்துவிடலாம். தேவையான அளவுக்கு அது கிடைக்காதபோதுதான் கூப்பன் பத்திரங்களை வைத்து டியூரேஷனை, அதாவது பணம் திரும்பி வரும் சராசரிக் காலத்தை, பொருத்த வேண்டிவருகிறது. தவறுகளும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

முதிர்வை டியூரேஷன் என்று எடுத்துக்கொள்வது

பணம் 7 ஆண்டு கழித்துத் தேவை, எனவே 7 ஆண்டுப் பத்திரம் வாங்கு என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 7% கூப்பன் தரும் 7 ஆண்டுப் பத்திரத்தை முகமதிப்பிலேயே வாங்குகிறோம். ஆண்டுக்கு 4,35,925 கூப்பன் வரும். வாங்கிய மறுநாளே யீல்டு 5%-க்கு இறங்கி, அங்கேயே நின்றுவிடுகிறது. ஒவ்வொரு கூப்பனையும் இனி 5%-இல்தான் மறுமுதலீடு செய்ய முடியும். ஏழு கூப்பன்களும் அவற்றின் வட்டியும் சேர்ந்து 35,49,304 ஆகும். அசல் 62,27,497-ஐயும் கூட்டினால் 97,76,801. குறைவது 2.23 லட்சம்.

யீல்டு 9%-க்கு ஏறியிருந்தால் 2.38 லட்சம் மிச்சமாகியிருக்கும். அதாவது இங்கே பாதுகாப்பு எதுவும் ஏற்படவில்லை. வட்டி ஏறும் என்று பந்தயம் கட்டியதுதான் நடந்திருக்கிறது. காரணம், இந்தப் பத்திரத்தின் மெக்காலே டியூரேஷன் 5.77 ஆண்டுதான். பணத்தின் ஒரு பகுதி கூப்பனாக முன்கூட்டியே வந்துவிடுவதால், அதன் சராசரி வருகைக்காலம் முதிர்வைவிடக் குறைந்துவிடுகிறது.

அதே 7% கூப்பனில் 9 ஆண்டுப் பத்திரத்தை எடுத்தால் டியூரேஷன் 6.97. யீல்டு 5%-க்கு இறங்கும்போது கூப்பன் வழியாக வருவது அதே 35,49,304 தான். ஆனால் 7-ஆம் ஆண்டு முடிவில் பத்திரத்துக்கு இன்னும் 2 ஆண்டு ஆயுள் இருக்கிறது. சந்தை 5% தரும்போது 7% தரும் பத்திரம் 100-க்கு 103.72 என்ற விலைக்கு விற்கும். அது 64,59,087. இரண்டும் சேர்ந்து 1,00,08,390. யீல்டு 9%-க்கு ஏறினால் பத்திர விலை 96.48-க்கு விழும், ஆனால் கூப்பன்கள் 40,10,698-ஆக வளர்ந்திருக்கும், கூட்டுத்தொகை 1,00,19,098. இரண்டு பக்கமும் ஒரு கோடிக்குச் சற்று மேல்தான். மறுமுதலீட்டில் இழந்ததை விலையிலும், விலையில் இழந்ததை மறுமுதலீட்டிலும் பெறுகிறோம். இந்த ஈடுகட்டல் நடக்கும் நாள்தான் டியூரேஷன்.

6.97-ஐ 7 ஆக்க வேண்டுமென்றால் சுமார் 3.3 லட்சத்தை 10 ஆண்டுப் பத்திரத்துக்கு மாற்றினால் போதும். இந்தப் பங்கைச் சந்தை மதிப்பில் கணக்கிட வேண்டும், முகமதிப்பில் அல்ல. இங்கே எல்லாப் பத்திரமும் முகமதிப்பில் விற்பதால் வித்தியாசம் தெரியவில்லை. தள்ளுபடியில் விற்கும் பத்திரங்கள் கலந்தால் தெரியும். உண்மையில் 0.03-க்காக மெனக்கெடத் தேவையில்லை. அடுத்து வருபவை அதைவிடப் பெரியவை.

மெக்காலேயும் மாடிஃபைடும் கலந்துபோவது

டியூரேஷன் என்ற ஒரே தலைப்பின் கீழ் இரண்டு எண்கள் புழங்குகின்றன. மெக்காலே டியூரேஷன் ஆண்டுகளில் அளக்கும் காலம். மாடிஃபைட் டியூரேஷன் என்பது யீல்டு 1% நகர்ந்தால் விலை எத்தனை சதவீதம் நகரும் என்பதன் அளவு. ஆண்டுக்கு ஒருமுறை கூப்பன் தரும் பத்திரத்தில், யீல்டு 7% என்றால், முதலாவதை 1.07-ஆல் வகுத்தால் இரண்டாவது. எக்செல்லில் இவற்றுக்குத் தனித்தனி ஃபங்ஷன்கள் உண்டு:

```
=DURATION(DATE(2025,1,1),DATE(2034,1,1),7%,7%,1)    → 6.97
=MDURATION(DATE(2025,1,1),DATE(2034,1,1),7%,7%,1)   → 6.52
```

விலைப்பட்டியலில் வருவது பெரும்பாலும் மாடிஃபைட் எண். அதைக் கையில் வைத்துக்கொண்டு "7 வேண்டும்" என்று தேடுகிறவருக்கு 10 ஆண்டுப் பத்திரம் கச்சிதமாகப் பொருந்துவதுபோலத் தெரியும்; அதன் மாடிஃபைட் டியூரேஷன் 7.02. ஆனால் மெக்காலே 7.52. யீல்டு 9%-க்கு ஏறினால் 7-ஆம் ஆண்டு முடிவில் கிடைப்பது 99,22,923. சுமார் 77,000 குறைகிறது.

மெக்காலேயை 7 ஆண்டோடு ஒப்பிடலாம். அல்லது மாடிஃபைடை, கொடுக்க வேண்டிய தொகையின் மாடிஃபைட் எண்ணான 7 ÷ 1.07 = 6.54-உடன் ஒப்பிடலாம். இரண்டில் எது செய்தாலும் சரி. ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடுவதுதான் பிழை. மாடிஃபைடை 7-உடன் ஒப்பிடும் பிழை எப்போதும் ஒரே திசையில், தேவைக்கு மேல் நீளமான பத்திரத்தை நோக்கித்தான் தள்ளும்.

கூப்பனை அதே பத்திரத்தில் திரும்பப் போடுவது

ஒருமுறை பொருத்திவிட்டால் போதாது, அவ்வப்போது சரிசெய்ய வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எந்த இடத்தில் எவ்வளவு நழுவுகிறது என்று பார்த்தால்தான் அது ஏன் என்று புரியும்.

ஓராண்டு போகிறது, யீல்டு 7%-இலேயே இருக்கிறது. கடனுக்கு மீதி 6 ஆண்டு. பத்திரத்துக்கு மீதி 8 ஆண்டு. அதன் டியூரேஷன் 6.39. கடனின் காலம் 1 ஆண்டு குறைந்தபோது பத்திரத்தின் டியூரேஷன் 0.58 தான் குறைந்திருக்கிறது. கையில் வந்த முதல் கூப்பன் 4,35,925-ஐப் பழக்கதோஷத்தில் அதே பத்திரத்திலேயே போட்டால், மொத்தத் தொகுப்பும் 6.39-இல் நிற்கும். 0.39 ஆண்டு இடைவெளி என்பது யீல்டு 1% ஏறினால் சுமார் 24,000 பற்றாக்குறை. ஆண்டுதோறும் இதையே செய்தால் இடைவெளி விரிந்துகொண்டே போகும்.

கூப்பனைப் பணமாகவே வைத்திருந்தால் என்ன ஆகும்? தொகுப்பின் மதிப்பு இப்போது 66,63,422. அதில் 6.5% பணம், அதன் டியூரேஷன் பூஜ்யம். மீதி 93.5%-க்கு 6.39. சராசரி 5.97. நமக்கு வேண்டிய 6-க்கு மிக அருகில். துல்லியமாக 6 வேண்டுமென்றால் கூப்பனை ஏறக்குறைய ஐந்து மாத முதிர்வுள்ள கருவியில் வைக்க வேண்டும். முழுப்பணத்தையும் நீண்ட பத்திரத்தில் உழைக்கவிட நினைப்பவருக்கு இது உறுத்தும்; ஆனால் பொருத்தம் அங்கேதான் இருக்கிறது.

யீல்டு நகர்ந்தாலும் எண் மாறும். வாங்கிய அன்றே 5%-க்கு இறங்கினால் 6.97 என்பது 7.12 ஆகும், 9%-க்கு ஏறினால் 6.82. ஆகவே ஒவ்வொரு கூப்பன் தேதியிலும், யீல்டு கணிசமாக நகர்ந்த நாளிலும், அன்றைய யீல்டில் இருபுறத்தின் மதிப்பையும் டியூரேஷனையும் மறுபடி கணக்கிட வேண்டும். கணக்கிடுவது வேறு, விற்று வாங்குவது வேறு. இடைவெளியை இந்த 24,000 போலப் பணமாக மாற்றிப் பார்த்து, அதை வாங்கல் விற்றல் செலவோடு ஒப்பிட்ட பிறகே கை வைக்கலாம்.

டியூரேஷன் 7 என்றால் எல்லாத் தொகுப்பும் ஒன்றுதான் என்று நினைப்பது

பாதிப் பணத்தை 2 ஆண்டு ஜீரோ கூப்பனிலும் பாதியை 12 ஆண்டு ஜீரோ கூப்பனிலும் போட்டாலும் டியூரேஷன் 7 தான். சந்தையில் இதை பார்பெல் என்பார்கள். எல்லா முதிர்வின் யீல்டும் ஒரே அளவில் நகர்ந்தால் இது 9 ஆண்டுப் பத்திரத்தைவிட அதிக மிச்சம் தரும், ஏனெனில் இதன் கான்வெக்சிட்டி, அதாவது யீல்டுக்கு எதிரே விலையை வரையும் கோட்டின் வளைவு, அதிகம். கொடுக்க வேண்டியதைவிடச் சொத்தின் கான்வெக்சிட்டி அதிகமாக இருக்க வேண்டும் என்பது ரெடிங்டனின் நிபந்தனைகளில் ஒன்று. அதைப் படித்தவர் "அதிகம் என்றால் இன்னும் நல்லது" என்று பார்பெல் பக்கம் சாய்வது இயல்பு.

இப்போது 2 ஆண்டு யீல்டு 6%-க்கு இறங்கி, 12 ஆண்டு யீல்டு 8%-க்கு ஏறி, 7 ஆண்டு யீல்டு 7%-இலேயே நின்றால்? கொடுக்க வேண்டிய தொகையின் இன்றைய மதிப்பு அசையவில்லை. 2 ஆண்டுப் பத்திரம் 1.9% கூடுகிறது, 12 ஆண்டுப் பத்திரம் 10.6% விழுகிறது. சேர்த்துப் பார்த்தால் தொகுப்பில் 4.3% காலி, அதாவது ஏறக்குறைய 2.7 லட்சம். முதல் தவறில், முதிர்வைப் பார்த்து வாங்கியவருக்கு ஏற்பட்ட பள்ளத்தைவிட இது ஆழம். இத்தனைக்கும் இவர் டியூரேஷனைச் சரியாகவே பொருத்தியிருந்தார்.

இதை முன்கூட்டியே அளக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு பணவரவும் 7-ஆம் ஆண்டிலிருந்து எத்தனை ஆண்டு தள்ளியிருக்கிறது என்பதை வர்க்கப்படுத்தி, அந்த வரவின் இன்றைய மதிப்புப் பங்கால் பெருக்கிக் கூட்டினால் எம்-ஸ்கொயர் என்ற சிதறல் அளவு கிடைக்கும். ஃபாங்கும் வாசிசெக்கும் 1984-இல் கொடுத்தது. 7 ஆண்டு ஜீரோ கூப்பனுக்கு அது 0, நமது 9 ஆண்டுப் பத்திரத்துக்கு சுமார் 7.9, பார்பெல்லுக்கு 25. ஒரே நாளில் ஒரே தொகை என்றால், டியூரேஷனும் மதிப்பும் பொருந்தியபின் கான்வெக்சிட்டி நிபந்தனை தானாகவே நிறைவேறிவிடும். அதைத் தேடிப்போக வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது எம்-ஸ்கொயரை எவ்வளவு குறைக்கலாம் என்பதைத்தான். 6, 7, 8 ஆண்டுகளை ஒட்டிப் பணம் குவியும் தொகுப்பே பாதுகாப்பு.

இவை அனைத்தும் பணவரவு உறுதியான பத்திரங்களுக்கே பொருந்தும். வெளியிட்டவர் விரும்பியபோது திருப்பிக்கொடுக்க உரிமையுள்ள, அதாவது காலபிள் பத்திரத்துக்கு மெக்காலே கணக்குப் போடுவதில் பொருளில்லை. யீல்டு இறங்கி, பத்திர விலை ஏறி நம் மறுமுதலீட்டு இழப்பை ஈடுகட்ட வேண்டிய அதே நேரத்தில் அவர் முகமதிப்பைக் கொடுத்து முடித்துக்கொள்வார். தரம் குறைந்த பத்திரத்தின் 9% யீல்டைக் கண்டு, கொடுக்க வேண்டிய தொகையையும் 9%-இல் தள்ளிக் கணக்கிடுகிறவருக்கு 54.7 லட்சமே போதும் என்று தோன்றும். 62.27 லட்சத்திலிருந்து குறைந்த அந்த 7.6 லட்சம் சேமிப்பல்ல. திவால் அபாயத்தை ஏற்றுக்கொண்டதற்கான கூலியை, அபாயம் இல்லாததுபோல முன்கூட்டியே எடுத்துச் செலவிட்டிருக்கிறார்.