டிக்கெட்டிலிருந்து எல்டிஏ வரி விலக்கைக் கணக்கிடுவது எப்படி?

ஜனவரி வந்தால் அலுவலகத்திலிருந்து மெயில் வரும்: "எல்டிஏ பில்களைச் சமர்ப்பிக்கவும்." லீவில் ஊர் போய்வரச் சம்பளத்தோடு தருகிற பயணப் படிதான் எல்டிஏ. ஊருக்குப் போன டிக்கெட், ஹோட்டல் பில், டாக்ஸி ரசீது எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டி ஒரு தொகையைப் போட்டு அனுப்பிவிடுகிறவர்கள் அதிகம். பாதி வெட்டப்பட்டுத் திரும்பி வரும்போது ஏன் என்று புரிவதில்லை. இந்தக் கணக்கை ஒரு உதாரணக் குடும்பத்தை வைத்துப் படிப்படியாகப் போட்டுப் பார்ப்போம்.

சென்னையில் வேலை பார்க்கும் ஒருவர். 2025-26 நிதியாண்டில் அவருக்குச் சம்பளத்தோடு ரூ.60,000 எல்டிஏ கிடைத்திருக்கிறது. 2026 ஜனவரியில் லீவு போட்டு, மனைவி, இரண்டு பிள்ளைகள், மனைவியின் தம்பி என ஐந்து பேராக விமானத்தில் கிளம்பினார்கள். சென்னையிலிருந்து மும்பை, அங்கிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து காரில் ஆக்ரா போய்த் திரும்பி, மறுபடி டெல்லியிலிருந்து சென்னை.

படி 1: இந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்துமா?

பழைய வரி முறையில் இருந்தால்தான் எல்டிஏ விலக்கு உண்டு. 2023-24 முதல் புதிய முறைதான் தானாக வருவது. அதில் இந்த விலக்கு கிடையாது. ஆகவே பழைய முறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அப்புறம், சம்பள விவரத்தில் எல்டிஏ என்று ஒரு தொகை இருக்க வேண்டும். அது இல்லாமல் எத்தனை டிக்கெட் வைத்திருந்தாலும் பயனில்லை.

பயணம் இந்தியாவுக்குள் இருக்க வேண்டும், லீவு எடுத்துப் போயிருக்க வேண்டும். பொங்கல் விடுமுறையோடு சனி, ஞாயிறைச் சேர்த்துக்கொண்டு, ஒரு நாள்கூட லீவு போடாமல் போய்வந்திருந்தால், லீவுப் பதிவோடு தேதிகளைச் சரிபார்க்கும்போது சிக்கல் வரும். நம் உதாரணத்தில் லீவு இருக்கிறது, சரி.

படி 2: எந்த பிளாக்?

அதிகம் குழம்புகிற இடம் இதுதான். எல்டிஏவுக்கு நான்கு ஆண்டுகள் சேர்ந்தது ஒரு பிளாக். ஒரு பிளாக்கில் இரண்டு பயணங்களுக்கு விலக்கு கேட்கலாம். 2018-21, 2022-25, 2026-29 என்று போகிறது. வருமான வரி ஏப்ரலிலிருந்து மார்ச் வரை ஓடினாலும், பிளாக் ஜனவரியிலிருந்து டிசம்பர் வரையான காலண்டர் ஆண்டுகளால் ஆனது. அதனால் 2026 ஜனவரியில் போன பயணம் 2025-26 நிதியாண்டின் வரிக் கணக்கில் வரும், ஆனால் பிளாக் கணக்கில் 2026-29இல் விழும்.

இன்னொரு வசதியும் உண்டு. ஒரு பிளாக்கின் இரண்டு பயணங்களில் ஒன்றாவது மிச்சமிருந்தால், ஒரு பயணத்தை அடுத்த பிளாக்கின் முதல் காலண்டர் ஆண்டுக்கு எடுத்துப் போகலாம். இரண்டுமே மிச்சம் என்றாலும் ஒன்றைத்தான் கொண்டுபோக முடியும். முதல் ஆண்டு முடிந்தால் அதுவும் போய்விடும்.

நம் ஆள் 2022-25இல் ஒரே ஒரு பயணத்துக்குத்தான் விலக்கு வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மிச்சமிருக்கும் ஒன்றை 2026 டிசம்பர் 31க்குள் பயன்படுத்தலாம். இந்த ஜனவரிப் பயணத்தை அந்தப் பழைய பாக்கியாகக் காட்டினால், 2026-29இன் இரண்டு பயணங்களும் அப்படியே கையில் இருக்கும். இதைப் படிவத்தில் "2022-25 பிளாக்கிலிருந்து கொண்டுவரப்பட்டது" என்று தெளிவாக எழுத வேண்டும். எழுதாவிட்டால் சம்பளப் பிரிவு புதிய பிளாக்கில் ஒன்றைக் கழித்துக்கொள்ளும். வேலை மாறியவர்கள் பழைய நிறுவனத்தில் எத்தனை பயணம் காட்டினோம் என்பதைப் பழைய ஃபார்ம் 16களில் பார்த்துக்கொள்வது நல்லது. பிளாக் ஆளைச் சேர்ந்தது, நிறுவனத்தைச் சேர்ந்ததல்ல.

படி 3: யாருடைய டிக்கெட்?

குடும்பம் என்றால் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், அப்புறம் உங்களைச் சார்ந்து வாழும் உங்கள் பெற்றோர், உடன்பிறந்தவர்கள். 1998 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளில் இருவருக்குத்தான். முதல் பிள்ளைக்குப் பின் இரட்டையர் பிறந்தால் அதற்கு விதிவிலக்கு உண்டு. மனைவியின் தம்பி நம்மோடுதான் இருக்கிறார், நாம்தான் படிக்க வைக்கிறோம் என்றாலும் இந்தப் பட்டியலில் வரமாட்டார். ஒரே பிஎன்ஆரில் ஐந்து பேர் இருந்தாலும் அவர் பங்கைப் பிரித்து எடுத்துவிட வேண்டும். மிச்சம் நான்கு பேர்.

படி 4: கட்டணத்தை மட்டும் தனியே எடுங்கள்

விலக்கு பயணக் கட்டணத்துக்கு மட்டும்தான். ஹோட்டல், சாப்பாடு, ஊர் சுற்றிய வண்டி எதற்கும் கிடையாது. டிக்கெட்டைத் திறந்து பார்த்தால் இன்சூரன்ஸ், விருப்ப இருக்கை, முன்பதிவு செய்த உணவு என்று தனித்தனிக் கட்டணங்கள் இருக்கும். அவற்றை விட்டுவிட்டு எண்ணுவதுதான் பாதுகாப்பு.

உதாரணத்தில் ஒருவருக்குச் சென்னை-மும்பை ரூ.5,200, மும்பை-டெல்லி ரூ.5,600, டெல்லி-சென்னை ரூ.7,000 என்று வைத்துக்கொள்வோம்.

படி 5: மிகத் தொலைவான ஊர், மிகக் குறுகிய வழி

பல ஊர்களைச் சுற்றி வந்தால், கிளம்பிய ஊரிலிருந்து போய்ச் சேர்ந்த மிகத் தொலைவான ஊருக்கு, மிகக் குறுகிய வழியில் என்ன ஆகுமோ அதுதான் உச்சவரம்பு. இங்கே தொலைவான ஊர் டெல்லி. மும்பை சுற்றுவழி. ஆக்ராவோ சென்னையிலிருந்து டெல்லிக்குப் போகும் ரயில் பாதையிலேயே, டெல்லிக்கு முன்னால் வருகிற ஊர். அதனால் அந்தக் காருக்கு எதுவும் கிடைக்காது.

விமானம் என்றால் உச்சவரம்பு, விதியின்படி, தேசிய விமான நிறுவனத்தின் எகானமி கட்டணம். ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாடாவிடம் போன பிறகும் அதன் எகானமி கட்டணத்தை வைத்து ஒப்பிடுவது வழக்கம். ரயில் வசதி உள்ள ஊருக்கு விமானம் தவிர வேறு எதில் போனாலும், உச்சவரம்பு ரயிலின் ஏசி முதல் வகுப்புக் கட்டணம். சொந்தக் காரில் போகிறவர்களுக்கும் இந்த உச்சவரம்புதான்.

சென்னை-டெல்லி நேர் எகானமி கட்டணம் அன்று ரூ.7,500 என்று கொள்வோம். போகும்போது ஒருவருக்கு ஆனது ரூ.10,800, எண்ணக் கூடியது ரூ.7,500. வரும்போது ஆனது ரூ.7,000, வரம்புக்குள் இருப்பதால் அப்படியே எடுக்கலாம்.

```
போக:  4 × 7,500 = 30,000
வர:   4 × 7,000 = 28,000
தகுதியுள்ள கட்டணம் = 58,000
கிடைத்த எல்டிஏ     = 60,000
விலக்கு (குறைவானது) = 58,000
வரிக்கு உட்படுவது   =  2,000
```

ஐந்து பேரின் டிக்கெட்டுக்கு அவர் செலவழித்தது ரூ.89,000. ஆனால் விலக்கு ரூ.58,000. எல்டிஏ ரூ.40,000 மட்டும் கிடைத்திருந்தால் விலக்கும் ரூ.40,000தான்.

படி 6: கொடுப்பதும் சரிபார்ப்பதும்

ஃபார்ம் 12பிபியில் தொகையை எழுதி, டிக்கெட்டுகளையும் போர்டிங் பாஸ்களையும் இணைத்துச் சம்பளப் பிரிவில் கொடுங்கள். போர்டிங் பாஸைப் போனிலேயே காட்டி ஏறுகிறவர்கள் அதை அன்றே பிடிஎஃப்பாகச் சேமித்துவிடுங்கள், பிறகு ஆப்பில் கிடைக்காமல் போகலாம். ஆண்டு முடிந்து ஃபார்ம் 16 வந்ததும் பகுதி பியில் பிரிவு 10(5) என்று இருக்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே 58,000 இருக்க வேண்டும். இல்லையென்றால், ஆதாரங்கள் கையில் இருக்கும்வரை, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதே பிரிவின் கீழ் நீங்களே கேட்கலாம்.