உதவித்தொகை நேர்காணல்: முதல் ஒன்றரை நிமிடத்தில் என்ன சொல்வது, எப்படித் தயாராவது

வண்டிப்பெரியாறு, பீர்மேடு, மூணாறு பக்கத்துத் தோட்டங்களிலும், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்து ஊர்களிலும் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். உதவித்தொகைக்கு விண்ணப்பித்து, நேர்காணலுக்கு அழைப்பும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே மூன்று நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலும் முதலில் கேட்பது, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதுதான்.

இங்கே நம் பிள்ளைகள் இரண்டு விதமாகச் சறுக்குகிறார்கள். சிலர் பெயர், ஊர், பள்ளி, மார்க் என்று விண்ணப்பத்தில் இருப்பதையே ஒப்பிக்கிறார்கள். அது ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது. சிலர் வீட்டுக் கஷ்டத்தை முழுக்கக் கொட்டுகிறார்கள். வருமான வரம்பு வைத்துக் கொடுக்கும் உதவித்தொகை என்றால், அன்று காலையிலிருந்து அந்த அறைக்குள் வந்துபோன அத்தனை பேரும் கையைக் கடிக்கிற வீடுகளிலிருந்து வந்தவர்கள்தான். அதனால் கஷ்டம் மட்டும் உங்களைத் தனியாகக் காட்டாது. இந்தப் பிள்ளை படிப்பை முடிக்குமா, கொடுக்கிற பணம் எதற்குப் போகும், சொல்வதை நம்பலாமா: இந்த மூன்றைத்தான் அவர்கள் எடைபோடுகிறார்கள்.

இதை ஒரு மாதிரி மாணவியை வைத்தே பார்ப்போம். பீர்மேடு தாலுகாவில் ஒரு தேயிலைத் தோட்டம். அம்மா கொழுந்து எடுக்கிறார். அப்பா அதே தோட்டத்து ஃபேக்டரியில் இலை வாட்டும் பிரிவில் இருக்கிறார். ஒரு தம்பி. பத்து வரை தமிழ் மீடியம், பிளஸ் டூ சயன்ஸ். எலக்ட்ரிகல் இன்ஜினியரிங்குக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது.

முதல் வேலை: காகிதங்களை எடுத்து வையுங்கள்

பேனாவை எடுப்பதற்கு முன்னால் விண்ணப்பத்தின் நகல், வருமானச் சான்றிதழ், மார்க் லிஸ்ட் மூன்றையும் எதிரில் வைத்துக்கொள்ளுங்கள். வாயில் வருகிற ஒவ்வொரு எண்ணும் இவற்றோடு ஒத்துப்போக வேண்டும்.

பெரும்பாலும் இடிக்கிற இடம் வருமானம். சான்றிதழில் ஆண்டு வருமானம் 1,80,000 ரூபாய் என்று இருக்கும். பதற்றத்தில் பிள்ளை, "வீட்டில் மாதம் எட்டாயிரம்தான் வருகிறது" என்று சொல்லிவிடும். பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 96,000. எதிரில் இருப்பவர் சான்றிதழைப் புரட்டிப் பார்ப்பார். அதற்குப் பிறகு நீங்கள் சொல்கிற உண்மையும் சந்தேகத்தோடுதான் கேட்கப்படும்.

பிள்ளை வேண்டுமென்றே பொய் சொல்லியிருக்காது. பிடித்தம் எல்லாம் போக அம்மா கையில் கொடுத்ததை மட்டும் சொல்லியிருக்கும். அல்லது, இரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள் என்றால் உதவி கிடைக்காதோ என்று பயந்து அப்பாவின் சம்பளத்தை விட்டிருக்கும். அந்தப் பயம் தேவையில்லை. வரம்புக்குள் இருப்பதால்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். சான்றிதழில் உள்ள தொகையையே சொல்லுங்கள். கொழுந்து குறைகிற கோடை மாதங்களில் அம்மாவின் கூடுதல் கிலோ கூலி இறங்கிவிடும் என்பது உண்மை என்றால், கேட்கும்போது அதையும் சொல்லலாம். தொகையே தவறாக ஏறியிருக்கிறது என்று தெரிந்தால் அதை நேர்காணல் அறையில் சரிசெய்ய முடியாது. முன்கூட்டியே வில்லேஜ் ஆபீஸில் கேட்டுத் திருத்தி வாங்குங்கள்.

இரண்டாவது: வீட்டைப் பற்றி இரண்டே வாக்கியம்

யார் என்ன வேலை பார்க்கிறார்கள், எவ்வளவு வருகிறது, எத்தனை பேர் படிக்கிறார்கள். இது போதும். "ஏழைக் குடும்பம்", "மிகவும் பின்தங்கிய நிலை" என்ற சொற்களே வேண்டாம். எண்ணைச் சொன்னால் கேட்பவருக்கே புரிந்துவிடும். நேர்காணல் கேரளத்தில் நடந்தால் லயம் என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். சென்னையிலோ பெங்களூரிலோ நடந்தால், "தோட்டத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கிற வரிசை வீடு" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

அம்மா அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது தொண்டை அடைக்கிறது என்று பல பிள்ளைகள் சொல்கிறார்கள். அதனால்தான் இந்தப் பகுதியைப் பேச்சின் தொடக்கத்தில், சுருக்கமாக வைக்கச் சொல்கிறேன். கடைசியில் வைத்தால் அழுகையோடு முடியும்.

மூன்றாவது: நீங்கள் செய்த ஒரு காரியம்

பேச்சின் உயிர் இங்கேதான் இருக்கிறது. எது சரியாக வரவில்லை, அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன மாறியது. மூன்றும் ஒரே விஷயத்தைப் பற்றி இருக்க வேண்டும். மார்க் குறைந்த பாடம் இருந்தால் அதையே எடுங்கள். மார்க் லிஸ்ட்டில் அது எப்படியும் தெரியும். அவர்கள் கேட்டு நீங்கள் சமாளிப்பதைவிட, நீங்களே எடுத்துச் சொல்வது நல்லது.

நம் மாணவிக்கு பிளஸ் ஒன்னில் இயற்பியல் எழுத்துத் தேர்வில் 60க்கு 27. இம்ப்ரூவ்மென்ட் எழுதி 41 ஆக்கினார். "கடுமையாக உழைத்தேன்" என்று சொன்னால் அது யார் வாயிலும் வரும். உட்கார்ந்து என்ன செய்தார்? பாடத்தில் வருகிற ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் எதிரே தமிழில் விளக்கம் எழுதி ஒரு நோட்டுப் போட்டார். அதைத்தான் சொல்ல வேண்டும். நோட்டு கையில் இருந்தால் கோப்பிலேயே வைத்துக் கொண்டுபோகலாம். கேட்டால் மட்டும் எடுத்துக் காட்டுங்கள்.

நான்காவது: ஏன் இந்தப் படிப்பு

"நாட்டுக்குச் சேவை செய்ய" என்று தொடங்காதீர்கள். உங்கள் கண்ணால் பார்த்த ஒன்றிலிருந்து தொடங்குங்கள். தேயிலை ஃபேக்டரியில் பறித்த கொழுந்தைப் பெரிய தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து ஃபேன் காற்றைச் செலுத்தி மணிக்கணக்கில் வாட்டுவார்கள். ஒருநாள் அந்த ஃபேன் மோட்டார் கருகிவிட்டது. மூன்று ஃபேஸில் ஒன்று வராமல் போனதால் மற்ற இரண்டிலும் கரண்ட் கூடி, காயில் சூடாகி எரிந்தது. மெக்கானிக் கழற்றும்போது நம் மாணவி பக்கத்தில் நின்று கேள்வி கேட்டிருக்கிறார்.

இந்த மாதிரி ஒன்றைச் சொன்னால், அடுத்த கேள்வி அதிலிருந்துதான் வரும் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். "ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்த என்ன கருவி இருக்கிறது?" என்பார்கள். ஓவர்லோட் ரிலே, சிங்கிள் ஃபேஸிங் பிரிவென்டர் என்ற இரண்டையாவது தெரிந்துவைத்திருக்க வேண்டும். "அங்கே ரிலே ஏன் காப்பாற்றவில்லை?" என்று மேலும் கேட்டால், "தெரியாது சார், அதைப் பார்க்க எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை" என்று சொல்வது முழு மரியாதைக்குரிய பதில். ஆகவே பேச்சில் ஒரு வாக்கியத்தைச் சேர்க்கும்போதே, இதன்மேல் இரண்டு கேள்வி கேட்டால் தாங்குவேனா என்று பாருங்கள். தாங்காது என்றால் அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள்.

ஐந்தாவது: பணத்தைத் தெளிவாகக் கேளுங்கள்

இங்கேதான் நம் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். "ஏதாவது உதவி செய்தால் நன்றாக இருக்கும்" என்று குரலைத் தாழ்த்துகிறார்கள். உதவித்தொகை கொடுப்பதற்காகவே உட்கார்ந்திருப்பவர்களிடம் கணக்கைச் சொல்வதில் கூச்சம் எதற்கு? ஆகிற செலவு, வீட்டில் தர முடிவது, விழுகிற துண்டு. இந்த மூன்று எண்ணையும் வரிசையாகச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து எவ்வளவு வரும் என்று சொல்வதால் உங்கள் தேவை குறைந்துவிடாது. கணக்குப் பார்த்து வந்திருக்கிறீர்கள் என்பது தெரியும். வேறு உதவித்தொகை ஏற்கெனவே வருகிறது என்றால் அதை மறைக்கவே கூடாது. ஒரே நேரத்தில் இரண்டு வாங்கக் கூடாது என்று பல திட்டங்களில் விதி இருக்கிறது. பின்னால் தெரியவந்தால் இரண்டுமே போகலாம்.

எல்லாம் சேர்ந்தால் பேச்சு இப்படி வரும்:

"வணக்கம். நான் பீர்மேடு தாலுகாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவள். அம்மா கொழுந்து எடுக்கிறார், அப்பா அதே தோட்டத்து ஃபேக்டரியில் வேலை பார்க்கிறார். இருவர் சம்பளமும் சேர்ந்து ஆண்டுக்கு 1,80,000 ரூபாய். நானும் தம்பியும் படிக்கிறோம்.

பத்தாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். பிளஸ் ஒன்னில் எல்லாம் ஆங்கிலத்துக்கு மாறியபோது இயற்பியலில் 60க்கு 27தான் எடுத்தேன். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் தமிழில் விளக்கம் எழுதி ஒரு நோட்டுப் போட்டுப் படித்தேன். இம்ப்ரூவ்மென்டில் 41 வந்தது.

அப்பா வேலை பார்க்கும் இடத்தில் ஒருநாள் ஃபேன் மோட்டார் கருகியது. ஒரு ஃபேஸ் வராததுதான் காரணம் என்று மெக்கானிக் சொன்னார். அதை முன்னாலேயே கண்டுபிடித்து நிறுத்த முடியாதா என்று கேட்டேன். எலக்ட்ரிகல் படிக்க வேண்டும் என்று அப்போதுதான் முடிவுசெய்தேன். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது.

கல்லூரிக் கட்டணத்தை வீட்டில் கட்டிவிட்டோம். ஹாஸ்டலுக்கும் மெஸ்ஸுக்கும் வருடம் 45,000 ரூபாய் ஆகும். வீட்டிலிருந்து 15,000 தர முடியும். மீதி 30,000 ரூபாய்க்காக விண்ணப்பித்திருக்கிறேன்."

நிதானமாகப் பேசினால் ஒன்றரை நிமிடத்துக்குள் முடியும். இதில் உள்ள தொகைகள் மாதிரிக்குத்தான். உங்கள் கல்லூரி கொடுத்த ரசீதில் என்ன இருக்கிறதோ அதைப் போடுங்கள்.

ஆறாவது: வேறு மொழியில் சொல்ல வேண்டியிருந்தால்

முதலில் தமிழில் எழுதி, உங்களுக்கே திருப்தியான பிறகு ஆங்கிலத்துக்கோ மலையாளத்துக்கோ மாற்றுங்கள். நேரடியாக ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால், இணையத்தில் கிடைக்கும் பெரிய பெரிய வாக்கியங்கள்தான் வரும். பேச்சு உங்கள் குரலில் இருக்காது. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி என்று உடைத்துக்கொள்ளுங்கள். நடுவில் சொல் வராவிட்டால், "இதை மலையாளத்தில் சொல்லலாமா?" அல்லது "தமிழில் சொல்லலாமா?" என்று கேட்டுவிட்டுத் தொடரலாம். அந்த அனுமதி கேட்கும் வாக்கியத்தை மட்டும் முன்கூட்டியே பழகிவையுங்கள்.

ஏழாவது: பழகும் விதம்

முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு சொல் தவறினால் மொத்தமும் நின்றுவிடும். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் "நோட்டு, மோட்டார், கணக்கு" என்ற வரிசை நினைவிருந்தால் போதும். செல்போனில் பதிவுசெய்து கேளுங்கள். எந்த இடத்தில் வேகம் கூடுகிறதோ அங்கே நீங்கள் ஒப்பிக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்தப் பகுதியை வேறு சொற்களில் சொல்லிப் பாருங்கள். பிறகு படிப்பு விவரம் தெரியாத ஒருவரிடம், பக்கத்து லயத்து அக்காவிடமோ அம்மாவிடமோ, சொல்லிக் காட்டுங்கள். "எவ்வளவு பணம் வேணும்னு கேட்ட?" என்று அவர் திருப்பிக் கேட்டால், கடைசிப் பகுதி தெளிவாக இல்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே இடைமறித்துக் கேள்வி கேட்பார்கள். உடனே நிறுத்தி அதற்குப் பதில் சொல்லுங்கள். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டாம். விட்ட பகுதியில் கணக்கு மட்டும் முக்கியம். எழுந்து வருவதற்குள் எப்படியாவது அதைச் சொல்லிவிடுங்கள். கடைசித் தொகையைச் சொன்ன பிறகு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்தவர் பேசும்வரை கொஞ்சம் அமைதியாக இருக்கும். அவர்கள் அப்போது உங்கள் ரசீதையும் சான்றிதழையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் அந்த இரண்டையும் கோப்பின் மேலேயே வைத்திருங்கள்.