ரீரேங்கர் சேர்த்தபின் விடைகள் மேம்பட்டனவா என்று அளப்பது எப்படி?

ஆவணங்களிலிருந்து விடை தரும் அமைப்பில், தேடலுக்கும் விடை எழுதும் மொழி மாதிரிக்கும் இடையே, தேடலில் வந்த பத்திகளைக் கேள்விக்குப் பொருந்தும் அளவுப்படி மறுவரிசைப்படுத்தும் ரீரேங்கர் ஒன்றைச் சேர்க்க விரும்புவோர், விடை இருக்கும் பத்தி எதுவென்று கையால் குறித்த 100 கேள்விகளை முதலில் தயார் செய்துகொள்ள வேண்டும். அந்தப் பத்தி, தேடலின் முதல் 50 முடிவுகளுக்குள் 88 கேள்விகளுக்கும், மொழி மாதிரிக்கு அனுப்பும் முதல் 5-க்குள் 61 கேள்விகளுக்கும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ரீரேங்கர், வந்த பத்திகளின் வரிசையை மட்டுமே மாற்றும் என்பதால், இடையிலுள்ள 27 கேள்விகளில்தான் அது புதிதாக உதவ முடியும். எஞ்சிய 12 கேள்விகளுக்குத் தேடலையோ பத்தி பிரிக்கும் முறையையோ திருத்த வேண்டும்.

தமிழ் ஆவணங்களுக்கு `BAAI/bge-reranker-v2-m3` போன்ற பன்மொழி மாதிரியே ஏற்றது.

பிறகு, மொழி மாதிரியையும் அதற்குத் தரும் அறிவுறுத்தலையும் அனுப்பும் பத்திகளின் எண்ணிக்கையையும் மாற்றாமல், ரீரேங்கர் இன்றியும் சேர்த்தும் விடைகளைப் பெற்று, எது எந்த முறையில் வந்தது என்பதை மறைத்து மதிப்பிட வேண்டும். மொத்தச் சதவீதத்தைவிட, திருந்திய விடைகள் எத்தனை, கெட்டவை எத்தனை என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. 14 திருந்தி 3 கெட்டிருந்தால் முன்னேற்றத்தை நம்பலாம். 9 திருந்தி 7 கெட்டிருந்தால் அது தற்செயலாகவும் இருக்கலாம். கெட்டவற்றை ஒவ்வொன்றாகப் படிக்கும்போது, நீளமான பத்தியின் பிற்பகுதி ரீரேங்கரின் உள்ளீட்டு வரம்பில் வெட்டுப்பட்டதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.