நேர்காணலில் ஆங்கிலம் தடுக்குகிறதா? ஒரே கதையை மூன்று முறை சொல்லிப் பழகுங்கள்

கோத்தகிரியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் தேயிலை ஃபேக்டரி ஆபீசில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள். போன மார்ச்சில் குன்னூரில் ஒரு ஹோட்டல் ரிசப்ஷன் வேலைக்கு நேர்காணல் வந்தது. கேள்விகள் ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். அவள் பதில்களை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். ‘டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்’ என்றால் கடகடவென்று ஒப்பித்தாள். ‘வாட் டிட் யு டூ இன் யுவர் லாஸ்ட் ஜாப்?’ என்று மாற்றிக் கேட்டதும் நின்றுவிட்டாள். ஒப்பிக்கும்போது ஒரு வரி நழுவினால் அடுத்த வரி வராது. பயம் அந்த இடத்தில்தான் பிடித்துக்கொள்கிறது.

நோட்டை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, வேறொரு பயிற்சியைத் தொடங்கினோம். 1983-ல் கீத் மாரிஸ் என்ற ஆங்கில ஆசிரியர் எழுதிய முறை இது. ஒரே விஷயத்தை முதலில் நாலு நிமிடம், பிறகு மூன்று, பிறகு இரண்டு நிமிடத்தில், ஒவ்வொரு முறையும் வேறு ஒருவரிடம் சொல்ல வேண்டும். புதிதாகப் பழகுபவர்களுக்கு நாலு நிமிடம் அதிகம். மூன்று, இரண்டு, ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. ஒரு சம்பவத்தைத் தேர்ந்தெடுங்கள்

உங்கள் வேலையில் உண்மையாக நடந்த ஒன்றாக இருக்கட்டும். அவள் எடுத்தது இது: மழை நாளில் கொண்டுவந்த கொழுந்தில் ஈரத்துக்காக எடை கழித்ததும், ஒரு விவசாயி கோபப்பட்டார். அவர் கண்முன்னே மறுபடி எடை போட்டு, கழிவுக் கணக்கை ரசீதில் எழுதிக் காட்டினாள். முழு வாக்கியமாக எதையும் எழுதாதீர்கள். லீஃப், ரெயின், வெயிட், ஆங்ரி, ரிசீட் என்று ஐந்து சொற்கள் மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் போதும்.

2. மூன்று நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள்

செல்போனை மேஜையில் வைத்துப் பேசுங்கள். தடுமாறினாலும் நிறுத்தாதீர்கள். பிறகு கேட்டுப் பாருங்கள். எத்தனை முறை நிற்கிறோம் என்பதைவிட எங்கே நிற்கிறோம் என்பதுதான் முக்கியம். ‘ஹி வாஸ் ஆங்ரி’ என்று முடித்து ஒரு நொடி நின்றால் கேட்பவருக்கு அது இயல்பாகவே இருக்கும். தாய்மொழியில் பேசுபவர்களும் அங்கேதான் நிற்பார்கள். ‘ஹி வாஸ்...’ என்று நடுவில் நின்றால்தான் திக்கலாகத் தெரியும். இந்த நடு நிறுத்தங்களை மட்டும் எண்ணுங்கள். அவளுக்கு முதல் பதிவில் பதினாலு இருந்தது.

நடுவில் நிற்பது பெரும்பாலும் ஒரு சொல் கிடைக்காததால்தான். ‘டிடக்ட்’ என்ற சொல்லைத் தேடியே அவள் நாலு இடத்தில் நின்றாள். ‘வீ ரெட்யூஸ்டு த வெயிட்’ என்று தெரிந்த சொல்லில் சொன்னாலே போதும்.

3. அடுத்த சுற்றுக்கு முன் பிழையைத் திருத்துங்கள்

பலரும் விட்டுவிடும் படி இது. திருத்தாமல் மறுபடி மறுபடி சொன்னால் வேகம் கூடும், கூடவே பிழையும் வாயில் உறைந்துவிடும். அவள் ‘ஐ ஆம் வொர்க் தேர் டூ இயர்ஸ்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். ‘ஐ வொர்க்டு தேர் ஃபார் டூ இயர்ஸ்’ என்று திருத்தினோம். ஒரு நாளைக்கு இரண்டு பிழைக்கு மேல் வேண்டாம். எல்லாவற்றையும் கவனிக்கப் போனால் பேச்சு நின்றுவிடும்.

4. ஆளை மாற்றி, நேரத்தைக் குறையுங்கள்

இரண்டு நிமிடக் கதையைத் தன் சித்தி மகளிடம் சொன்னாள், ஒரு நிமிடக் கதையை என்னிடம். ஆள் புதிது என்பதால் அதே கதையை மறுபடி சொல்வது செயற்கையாகத் தோன்றாது. சம்பவத்தில் பாதியை விட்டுவிட்டு நேரத்துக்குள் முடிப்பது பயனில்லை. ஐந்து சொற்களும் வந்தனவா என்று கேட்பவரிடம் சீட்டைக் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். சொற்களை விழுங்கி ஓடினால் நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

5. குறுக்கே கேட்கச் சொல்லுங்கள்

நாலைந்து நாள் ஆனதும், நடுவில் ஏதாவது கேட்கும்படி சொல்லி வையுங்கள். புரியாவிட்டால் ‘சாரி, குட் யு ரிபீட் தட்?’ என்று கேட்கலாம். யோசிக்க நேரம் வேண்டுமென்றால் ‘லெட் மீ திங்க் ஃபார் எ மொமென்ட்’ என்று சொல்லலாம். மனப்பாடம் செய்ய வேண்டியவை இந்த இரண்டும்தான்.

இந்தப் பயிற்சி இலக்கணத்தையோ புதுச் சொற்களையோ கற்றுத் தராது. தெரிந்த ஆங்கிலம் வேகமாக வாய்க்கு வர உதவும், அவ்வளவுதான். அதனால் நேர்காணலுக்குள் இதுபோல மூன்று சம்பவங்களாவது தயார் செய்யுங்கள்: ஒரு பிரச்சினையைத் தீர்த்தது, புதிதாக ஒன்றைக் கற்றது, மற்றவர்களோடு சேர்ந்து செய்தது.

பத்தாவது நாள் அவளுடைய பதிவில் நடு நிறுத்தம் நாலாகக் குறைந்தது. நேர்காணல் அன்று காலை, குன்னூர் பஸ் ஏறுமுன் ஒரு நிமிடக் கதையை வாய்விட்டு ஒருமுறை சொல்லிவிட்டுப் போனாள். அன்றைய முதல் ஆங்கில வாக்கியத்தை நேர்காணல் அறையில் பேசக்கூடாது என்பது என் பிடிவாதம்.

‘ரூம் ஈரமாக இருக்கிறது என்று கெஸ்ட் சண்டை போட்டால் என்ன செய்வீர்கள்?’ என்று ஆங்கிலத்தில் கேட்டார்களாம். தயார் செய்யாத கேள்வி. ‘லெட் மீ திங்க் ஃபார் எ மொமென்ட்’ என்றாள். அப்புறம் ஈரக் கொழுந்தின் கதையைச் சொல்லி, ‘ஐ வில் கோ அண்ட் சீ த ரூம் வித் ஹிம்’ என்று முடித்தாள்.